வயசைக் கழிச்சா மட்டும் போதுமா?

நூறிலிருந்து வயசைக் கழிச்சு வர்ற சதவீதத்தைப் பங்குல போடுங்கன்னு ஒரு கணக்கு உண்டு. தொடக்கப்புள்ளிக்கு அது சரி. ஆனா அதோட இன்னொரு கேள்வியும் வேணும்: எவ்வளவு ரூபாய் குறைஞ்சா நீங்க பதறி விற்பீங்க?

குலசேகரத்துல ரப்பர் தோட்டம் வச்சிருக்கிற எங்க மாமாவுக்கு வயசு 52, கையில 10 லட்சம். வயசுக் கணக்குப்படி 4.8 லட்சம் பங்குக்குப் போகணும். கேட்டதுக்கு, "ஒன்றரை லட்சம் போனாலே எனக்கு உறக்கம் வராது மக்களே"ன்னாரு. 2008-ல சென்செக்ஸ் பாதிக்கு மேல சரிஞ்சது. அதனால தாங்கக்கூடிய நஷ்டத்தை இரண்டால பெருக்கினோம்: 3 லட்சம். அதுதான் அவரோட பங்கு வரம்பு, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுற இண்டெக்ஸ் ஃபண்டுல.

இரண்டு வருஷத்துல மகள் கல்யாணம், அதுக்கு 4 லட்சம் வங்கி வைப்புல. மழைக்காலத்துல பால்வெட்டு நின்னா வருமானமும் நிக்கும், அதுக்கு 2 லட்சம் எப்ப வேணாலும் எடுக்கிற மாதிரி லிக்விட் ஃபண்டுல. மிச்சம் 1 லட்சம், தங்க விலையோட சேர்ந்து ஏறி இறங்குற தங்க ஈ.டி.எஃப்.

"வீட்ல 40 பவன் கிடக்கே, அது தங்கம் இல்லியா?"ன்னு அத்தை கேட்டாங்க. மகளுக்குப் போட்டு அனுப்பப் போற நகையை முதலீட்டுல சேர்க்க முடியாது. விற்க மனசு வராத எதையும் நான் சேர்க்கிறதில்ல.

வருஷம் ஒருமுறை பாருங்க. பங்கு 3 லட்சம் 4 ஆகியிருந்தா, உடனே விற்க வேண்டியதில்ல. அடுத்து வர்ற ரப்பர் பணத்தை வைப்புப் பக்கம் திருப்பினாலே விகிதம் மெல்லத் திரும்பிடும்.