கொய்யா விலையை இரவில் குறைக்காமல் விற்றது: என் அனுபவம்

வாரச்சந்தையில் கொய்யா விற்கிறேன். கிலோ 60 ரூபாய். மிஞ்சினால் அடுத்த சந்தைவரை தாங்காது என்று இரவு ஏழு மணிக்கு 30 ரூபாய் எனக் கூவுவேன். இரண்டு மாதத்தில் ஐந்து மணி வியாபாரமே படுத்துவிட்டது. தெரிந்த முகங்களெல்லாம் விலை குறையட்டும் என்று எதிரே கீரைக்கடையில் நின்று பேசிக்கொண்டிருக்கும்.

முதலில் விலை குறைக்கும் நேரத்தை வாரத்துக்கு வாரம் மாற்றிப் பார்த்தேன். பயனில்லை. காலிப் பெட்டிகளை நான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைப் பார்த்தே கூட்டம் வந்துவிடும்! அப்புறம் குறைக்கவே மாட்டேன் என்று ஒரு வாரம் இருந்தேன். பதினோரு கிலோ கெட்டுப்போனது.

தவறு நேரத்தில் இல்லை. அதே பழத்தை இரவில் பாதி விலைக்குக் கொடுத்ததுதான் தவறு.

இப்போது கடை விரிக்கும்போதே பழத்தைப் பிரிக்கிறேன். பெட்டியின் அடியில் இருப்பவைதான் முதலில் நசுங்கும். அதனால் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டுகிறேன். மஞ்சளாகி வாசம் வந்தவை தனியாக, கூறு 20 ரூபாய், காலையிலிருந்தே. அன்றே சாப்பிடுகிறவர்கள் வாங்குகிறார்கள். கெட்டிக்காய் கடைசிவரை 60 தான். இரவு மிஞ்சுவது, முன்பே பேசிய விலைக்கு ஜூஸ் கடைக்குப் போகிறது; சந்தையில் யார் கண்ணிலும் அந்த விலை படாது.

மூன்றாவது வாரம் கீரைக்கடைப் பக்கம் யாரும் காத்திருக்கவில்லை. மழை நாளில் மட்டும் இது எடுபடவில்லை. நனைந்த பழத்தை ஜூஸ் கடைக்காரர் தொடுவதில்லை.