வரன் போட்டோவில் வெளிச்சத்தைத் திருத்தலாம், நிறத்தை மாற்றலாமா?

வரன் பார்க்க அனுப்பும் படத்தைத் திருத்த உட்கார்ந்தால், வீட்டில் யாராவது பின்னால் நின்று "கொஞ்சம் கலர் ஏத்திடுப்பா" என்பார்கள். ஏற்றாதீர்கள். மாநிறமான பெண்ணைச் சிவப்பாக்கி அனுப்பினால், பெண் பார்க்க வந்தவர்களின் ஏமாந்த முகத்தை அவள்தான் பார்க்க வேண்டியிருக்கும். வெளிச்சம் கெடுத்ததைச் சரிசெய்வதில் தப்பே இல்லை. எங்கே நிறுத்துவது என்பதை ஒரு படத்தை வைத்தே பார்ப்போம்.

புதுச்சேரி ஒயிட் டவுனில் மஞ்சள் சுவரை ஒட்டி எடுத்த படம், வெள்ளைத் துப்பட்டா போட்ட பெண் என்று வைத்துக்கொள்வோம். சுவரில் பட்ட வெயில் முகத்தில் திரும்பி அடித்து மஞ்சள் ஏறியிருக்கிறது. கண்ணுக்குக் கீழே நிழல்.

முதலில் Snapseed செயலியில் Tools போய் White Balance-ஐத் திறவுங்கள். சொட்டுக்குழல் சின்னத்தை அழுத்தி, கழுத்தருகே இருக்கும் துப்பட்டாவில் வையுங்கள். மஞ்சள் இறங்கிவிடும். தொடும் இடம் உண்மையிலேயே வெள்ளையாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை படத்தில் பட்டு வேட்டியைத் தொட்டால், அதன் சந்தன நிறத்தை வெள்ளை என்று எடுத்துக்கொண்டு செயலி முகத்தையே நீலம் பூக்க வைத்துவிடும். சுவர்ப்பக்கக் கன்னத்தில் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்து Tune Image. அதில் Shadows அளவை மெதுவாகக் கூட்டினால் கண் நிழல் திறக்கும். அப்புறமும் முகம் மங்கலாகத் தெரிந்தால் Brightness கொஞ்சம் கூட்டலாம், ஆனால் உங்கள் கண் துப்பட்டாவில் இருக்கட்டும். அதன் மடிப்புகள் மறைந்து வெறும் வெள்ளையாகிவிட்டால் அளவு மீறிவிட்டது. வெள்ளைதான் முதலில் உச்சத்தைத் தொடும், தோல் அதற்குப் பிறகுதான் வெளுக்கும். மடிப்பு தெரியும் அளவுக்குப் பின்னால் வாருங்கள்.

இனி Healing. நேற்று வந்த பரு அடுத்த வாரம் இருக்காது, எடுத்துவிடலாம். மச்சமும் தழும்பும் நேரில் பார்க்கும்போதும் இருக்கும், அவற்றில் கை வைக்க வேண்டாம். கன்னத்தில் கருந்திட்டாகப் படரும் மங்கு, அதைத்தான் பலரும் எடுக்கச் சொல்வார்கள். அது பல வருடம் தங்கக்கூடியது, அதனால் மச்சத்தோடு சேர்த்தே கணக்கு வையுங்கள். Portrait பக்கம் போகாமலே இருக்கலாம். அதிலிருக்கும் Skin Smoothing தோலின் நுண்துளைகளை வழித்தெடுத்து முகத்தை மெழுகாக்கிவிடும்.

முடித்ததும் படத்தைப் பெரிதாக்கி முகத்தையும் கழுத்தையும் புறங்கையையும் ஒப்பிடுங்கள். முதல் படத்தில் இல்லாத நிற வித்தியாசம் இப்போது தெரிந்தால், முகத்தை மட்டும் வெளுத்திருக்கிறீர்கள்.

வேலை விண்ணப்பத்துக்கும் இதே அளவுதான். போட்டித் தேர்வு என்றால் பருவைக்கூடத் தொடாதீர்கள். தேர்வு அறையில் ஹால் டிக்கெட் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஒரு திருத்தமும் செய்யாத படம்கூட, முன்நெற்றி முடி கொட்டுவதற்கு முன் எடுத்ததாக இருந்தால் பொய்தான் சொல்லும். அதற்குச் செயலியில் வழியில்லை, புதுசாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.