துணிக்கடையில் புடவைப் பிரிவில் விற்பனைக்குப் புதுசா நிற்கிறீர்களா? புடவை வாங்குபவரிடம் கூடவே இன்னொரு பொருளையும் வாங்க எப்போது, எப்படிச் சொல்வது

படி 1: கையைப் பாருங்கள்

சும்மா பார்க்க வந்தவர் துணியை விரலால் தடவிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். வாங்கப் போகிறவர் முந்தியை இழுத்து விரிப்பார், பார்டரைத் திருப்பிப் பின்பக்கம் நூல் தொங்குகிறதா என்று பார்ப்பார். தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்குப் போவார், அல்லது நிஜ நிறம் தெரிய வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போவார். மற்றப் புடவைகளை அவரே ஓரமாக நகர்த்தினால் மனசு அநேகமாக ஒன்றில் நின்றுவிட்டது.

படி 2: கேள்வியைக் கவனியுங்கள்

விலையை எல்லாரும் கேட்பார்கள். நாலு புடவை பார்த்துவிட்டு முதல் புடவையின் விலையைத் திரும்பக் கேட்டால்தான் அது குறிப்பு. “சாயம் போகுமா?”, “இதிலேயே ப்ளவுஸ் பிட் இருக்கா?” என்பவர் மனசில் புடவை வீட்டுக்கே போய்விட்டது. போனில் படம் எடுப்பதை மட்டும் நம்பாதீர்கள். வீட்டில் காட்டிக் கேட்கத்தான் பலரும் எடுக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

படி 3: “இதையே போட்டுடுங்க” வரும்வரை காத்திருங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். புடவை முடிவாகும் முன்பே ஃபால்ஸ், உள்பாவாடை என்று அடுக்கினால், அவர் மொத்தச் செலவைக் கணக்குப்போட ஆரம்பித்துவிடுவார். கையில் இருந்த புடவையும் கீழே போய்விடும்.

படி 4: அவர் கேள்வியிலிருந்தே ஒன்றை எடுங்கள்

ஒரு அம்மா அரக்கு நிறக் காட்டன் புடவையை எடுக்கிறார். நடுவில், “வேலைக்குத் தினமும் கட்டுவேன், கீழ் ஓரம் சீக்கிரம் கிழியுமோ?” என்று கேட்டிருந்தார். ப்ளவுஸ் பிட் புடவையிலேயே இருப்பதால் தனித்துணி சொல்ல வேண்டியதில்லை. அவருக்குத் தேவை ஃபால்ஸ்தான். புடவையை மடித்தபடியே சொல்லுங்கள்:

“அம்மா, ஓரம் கிழியும்னு கேட்டீங்களே, காட்டன் ஃபால்ஸ் தைச்சுட்டா தேய்மானத்தை அது வாங்கிக்கும். தைக்கிறதுக்கு முன்னாடி தண்ணியில நனைச்சுக் காயவெச்சிடுங்க. இல்லேன்னா முதல் துவையல்ல அது சுருங்கி, புடவை ஓரத்தையும் இழுத்துடும். இதே நிறத்துல இருக்கு, எடுக்கட்டுமா?”

அதோடு நிறுத்திவிடுங்கள். அந்த நனைக்கும் விஷயம் ஃபால்ஸை வேறு கடையில் வாங்கினாலும் அவருக்கு உதவும். அதனால்தான் அது விற்பனைப் பேச்சாகக் காதில் விழாது. புடவையையும் ஃபால்ஸையும் பகல் வெளிச்சத்தில் சேர்த்துவைத்துக் காட்டுங்கள். ட்யூப்லைட்டில் அரக்கும் மெரூனும் ஒன்றுபோல் தெரியும், வீட்டில் போய்த்தான் வித்தியாசம் தெரியும்.

படி 5: மறுப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

“இருக்கட்டும்”, “பார்க்கலாம்” இரண்டுமே வேண்டாம் என்பதுதான். பையைத் தோளில் மாட்டினாலும், பில் கவுன்டர் பக்கம் பார்த்தாலும் அதே அர்த்தம். “சரிங்கம்மா” என்று சொல்லி பில்லுக்கு அனுப்புங்கள். ஃபால்ஸ் வேண்டாம் என்றவரிடம் உடனே உள்பாவாடையை நீட்டாதீர்கள். அவராகவே “உள்பாவாடை எங்கே?” என்று கேட்டால், இடுப்பு அளவையும் உயரத்தையும் கேட்டுவிட்டு எடுத்துக்கொடுங்கள்.