இன்டர்வியூ எடுக்கறவரே வரலைன்னா: ஃபாலோ-அப்ல பண்ணக்கூடாத தப்புங்க

எனக்கு ஒருதடவ சாயங்காலம் 4 மணிக்கு கூகுள் மீட்ல டெக்னிக்கல் ரவுண்டு, 3.55க்கே சட்டைய மாட்டிட்டு உக்காந்து 4.25 வரைக்கும் ஸ்க்ரீன்ல என் மூஞ்சிய நானே பாத்துட்டு இருந்தேன். கடுப்புல ஹெச்ஆருக்கு "அரை மணி நேரமா வெயிட் பண்றேன், முன்னாடியே சொல்லியிருக்கலாமே"ன்னு மெயில் தட்டிட்டேன். அப்புறம் இன்வைட்ட திறந்து பாத்தா பேனல்ல இருந்தவரு அத அக்செப்டே பண்ணல.

முதல் தப்பு, 25 நிமிஷம் சும்மா உக்காந்திருந்ததுதான். 5 நிமிஷத்துல லிங்க், தேதி, டைம் ஸோன் மூணையும் பாத்துடணும். அமெரிக்கா டீம்னா இன்னும் உஷாரா இருங்க, அங்க மார்ச்லயும் நவம்பர்லயும் கடிகாரத்த மாத்துவாங்க, நியூயார்க் காலை 9 மணி கோடைல நமக்கு சாயங்காலம் 6.30, குளிர்காலத்துல 7.30. 10 நிமிஷம் ஆச்சுன்னா ஹெச்ஆருக்கு "மீட்ல இருக்கேன், இதே லிங்க்தானே?"ன்னு ஒரு மெசேஜ். 20 நிமிஷத்துக்கு மேல இருக்க வேணாம்.

அடுத்த தப்பு மெயில்ல எத்தன நிமிஷம் காத்திருந்தோம்னு கணக்கு சொல்றது. அதப் படிக்கற ஹெச்ஆருக்கு பில்லு நீட்டுற மாதிரி இருக்கும். நான் இப்ப எழுதினா இப்படித்தான் எழுதுவேன்: "இன்னிக்கு 4 மணி மீட்டிங்ல ஜாயின் பண்ணேன், பேனலோட கனெக்ட் ஆக முடியல. வேற வேலை வந்திருக்கலாம், இல்ல இன்வைட் போகாம இருந்திருக்கலாம். வியாழன் 3லேர்ந்து 6 வரை, வெள்ளி காலை 11க்கு மேல நான் ஃப்ரீ, எது வசதின்னு சொல்லுங்க." அவ்ளோதான். ரொம்ப பணிவா "எப்ப வேணா ஓகே"ன்னு எழுதறதும் தப்புதாங்க, நேரத்த கையில குடுக்கலைன்னா அத யாரும் எடுத்து காலண்டர்ல போட மாட்டாங்க.

மெயில் அதே பழைய திரெட்ல ஹெச்ஆருக்கு மட்டும் போகட்டும். பேனல்காரர லிங்க்ட்இன்ல தேடிப் பிடிச்சு கேட்டாலோ மேனேஜர சிசில போட்டாலோ அது கம்ப்ளெயின்ட் ஆயிடும், நீங்க எவ்ளோ நைசா எழுதியிருந்தாலும் சரி.

லேட்டா வந்தா வேற கதை. 45 நிமிஷ ரவுண்டுக்கு அவரு 4.18க்கு வர்றாருன்னு வைங்க, "ஸாரி"ன்னு சொன்னா "பரவால்ல சார், 4.45க்கு முடிக்கணுமா, கொஞ்சம் நீட்டலாமா?"ன்னு கேட்டுடுங்க, அத வச்சுத்தான் பதில சுருக்கறதா விரிக்கறதான்னு முடிவு பண்ண முடியும். பின்னாடி அனுப்பற தேங்க்யூ மெயில்ல லேட்டுங்கற வார்த்தையே வேணாம், "சிஸ்டம் டிசைன் பத்தி பேச நேரம் பத்தல, 15 நிமிஷம் கெடச்சா நல்லாருக்கும்"னு விட்டுப்போனத மட்டும் கேளுங்க.

பதில் வரலைன்னா மறுநாளே திரும்ப தட்டாதீங்க, 2 வேலை நாள் விட்டு ஒரு வரி. அதுக்கும் சத்தமில்லைன்னா ஒரு போன் பண்ணிட்டு அடுத்த கம்பெனியப் பாருங்க. என்னோட கேஸ்ல ஹெச்ஆர் "வில் செக்"னு ரெண்டே வார்த்தைல பதில் போட்டாங்க, இன்னொரு ஸ்லாட் வரவே இல்ல.