கத்திக் காய அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதாதீர்கள்

போன வாரம் ஒரு புதிய மேற்பார்வையாளர் தன் முதல் விபத்து அறிக்கையை என்னிடம் நீட்டினார். உணவகச் சமையலறையில் வேலை பழகும் இளைஞர் ஒருவர் விரலை வெட்டிக்கொண்டிருந்தார். அறிக்கையில் ஒரே வரிதான்: "வெங்காயம் நறுக்கும்போது கவனக்குறைவால் விரலில் சிறு காயம்." நான் எழுதிய முதல் அறிக்கையும் ஏறக்குறைய இதே வரிதான். பெயரும் தேதியும் விட்டுப்போனால் படிவமே கேட்டுவிடும். இந்த வரியில் இருக்கும் தவறை எந்தப் படிவமும் கேட்காது.

காரணத்துக்குப் பதில் பழி

'கவனக்குறைவு' என்ற சொல்லைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. அன்று நான் அப்படி எழுதிக் கொடுத்ததும், அந்தப் பையனைக் கண்டித்துவிட்டுக் கோப்பை மூடிவிட்டார்கள். இரண்டே வாரத்தில் அதே மேசையில் இன்னொரு பெண்ணுக்கு விரலில் தையல் போட வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் அங்கே போய் வெட்டுப் பலகையைத் தள்ளிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. அடியில் விரிக்க வேண்டிய ஈரத்துணி இல்லை. கத்தியும் மழுங்கியிருந்தது. மழுங்கிய கத்தி வெங்காயத் தோலில் இறங்காது. அழுத்தினால் சறுக்கி விரலுக்கு வரும். முதல் அறிக்கையில் இவற்றை எழுதியிருந்தால் அந்தப் பெண்ணின் விரல் தப்பியிருக்கும்.

புதிய மேற்பார்வையாளரிடம், "வெட்டுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று அந்த இளைஞரிடமே கேளுங்கள்" என்றேன். கேட்டுவிட்டு வந்து இப்படி மாற்றி எழுதினார்:

"காலை 10.40, காய்கறி மேசை. வலது கையில் கத்தியுடன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பலகை நகர்ந்ததால் இடது கையால் பிடிக்கப் போனதாகக் கூறுகிறார். நான் பார்த்தபோது மேசை ஈரமாக இருந்தது. பலகைக்கு அடியில் துணி இல்லை."

'கூறுகிறார்', 'நான் பார்த்தபோது' என்ற இரண்டையும் கவனியுங்கள். கேட்டதும் கண்டதும் கலக்கவில்லை. கண்டதைத்தான் மறுநாளே சரிசெய்ய முடியும்.

'சிறு காயம்'

சிறிதா பெரிதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்: "இடது ஆட்காட்டி விரல், நுனிக்குச் சற்றுக் கீழே, சுமார் 1.5 செ.மீ. நீளம். சுத்தமான துணியால் 10 நிமிடம் அழுத்திப் பிடித்தபின் இரத்தம் நின்றது. விரலை மடக்கி நீட்ட முடிகிறது. நுனியில் தொடுவுணர்வு இருக்கிறது." கடைசி இரண்டும் முக்கியம். மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டால் தசைநாரும், மரத்திருந்தால் நரம்பும் அறுபட்டிருக்கலாம். வெளியே தெரியும் வெட்டு சின்னதாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அனுப்பிய நேரத்தையும் எழுத வேண்டும்.

இரத்தம் பட்ட உணவு

அதைக் குப்பையில் கொட்டியதையும், கத்தி, பலகை, மேசையைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்ததையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

'நாளை எழுதுகிறேன்'

அதற்குள் யாராவது பலகைக்கு அடியில் துணியை விரித்துவிடுவார்கள்.