40 நிமிடத்தில் ஜிம்மை முடிப்பது எப்படி: தூக்கும் எடையைக் குறைக்காமல் சூப்பர்செட், சர்க்யூட்

மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான் என் சித்தப்பா மகன். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலை கரை திரும்பும்போது அவனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் படகு கிளம்பும் நாட்களின் காலைதான் ஜிம்முக்கு. அதிலும் கம்பெனிக்குப் போகும் முன் அவன் கையில் இருப்பது 40 நிமிடம். முன்பு அவன் செய்துகொண்டிருந்த பயிற்சியோ 70 நிமிடம் இழுக்கும். அதை 40-க்குள் எப்படி அடக்கினோம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஜிம்மில் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆகி, ஸ்குவாட்டும் பெஞ்ச் பிரஸ்ஸும் ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இது பொருந்தும். இன்னும் பார் பிடிக்கவே பழகவில்லை என்றால் முதலில் மாஸ்டரிடம் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். அவசரப் பயிற்சி பிறகு.

நேரம் எங்கே போகிறது?

8 ரெப் கொண்ட ஒரு செட்டுக்கு ஏறக்குறைய 40 வினாடி. அதற்குப் பின் எடுக்கும் ஓய்வு இரண்டு, இரண்டரை நிமிடம். ஆக, ஜிம்மில் இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்திருப்பதுதான். அந்த ஓய்வை வெட்டிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் அந்த ஓய்வு வீண் இல்லை. கனமான எடையைத் தூக்க, தசைக்குள் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற உடனடி எரிபொருள் இருக்கிறது. ஒரு செட்டில் அது பெருமளவு கரைந்துவிடும். அரை நிமிடத்தில் பாதியளவு திரும்பும், ஏறக்குறைய முழுதாக நிரம்ப மூன்று நிமிடம் வரை பிடிக்கும். ஓய்வை 45 வினாடியாகச் சுருக்கினால் அடுத்த செட்டில் ரெப் விழும். ரெப் விழுந்தால் எடையைக் குறைப்போம். கொஞ்ச நாளில் வேர்வை கொட்டும், பலம் மட்டும் ஏறாது.

சூப்பர்செட் இந்த முடிச்சை வேறு வழியில் அவிழ்க்கிறது. மார்பு ஓய்வெடுக்கும்போது முதுகை வேலை வாங்குவது. மார்புக்குக் கிடைக்க வேண்டிய ஓய்வு அப்படியே கிடைக்கும், கடிகாரம் மட்டும் சும்மா ஓடாது.

படி 1: ஜோடியைச் சரியாகப் பிடியுங்கள்

எல்லாம் இங்கேதான் இருக்கிறது. ஒன்று தள்ளும் பயிற்சி என்றால் மற்றது இழுக்கும் பயிற்சியாக இருக்கட்டும். பெஞ்ச் பிரஸ்ஸுடன் டம்பெல் ரோயிங், ஷோல்டர் பிரஸ்ஸுடன் லேட் புல்டவுன். ஒன்றில் உழைக்கும் தசை மற்றதில் பெரும்பாலும் சும்மா இருக்கும்.

தம்பி முதலில் போனில் பார்த்த ஒரு வீடியோவை நம்பி, பெஞ்ச் பிரஸ் முடிந்த கையோடு தண்டால் எடுத்தான். இரண்டுமே மார்பு. முதல் செட்டில் 8 ரெப் வந்தது, இரண்டாவதில் 5, மூன்றாவதில் 3. 'செமயா எரியுதுண்ணே' என்றான். எரியத்தான் செய்யும். ஒரே தசையை அடுத்தடுத்து அடிக்கும் இந்த முறையில் தசை பெருப்பவர்களுக்குக் கொஞ்சம் உபயோகம் உண்டு. பலத்தைக் காக்க நினைப்பவருக்கு இல்லை.

கண்ணில் படாத மோதல்கள் இரண்டு உண்டு. ஒன்று கைப்பிடி. டெட்லிஃப்ட்டுடன் லேட் புல்டவுன் சேர்த்தால், கால் வேறு முதுகு வேறு என்று தோன்றினாலும் இரண்டிலும் முதலில் களைப்பது விரல்கள். இன்னொன்று இடுப்புக்கு மேலுள்ள கீழ்முதுகு. ஸ்குவாட்டுடன் குனிந்து செய்யும் பார் ரோயிங்கைச் சேர்த்தால் அந்த இடத்துக்கு ஓய்வே கிடையாது. அங்கே களைப்பு ஏறிய பிறகு ஸ்குவாட்டுக்குப் போனால் முதுகு வளையும். அதில்தான் ஆபத்து.

படி 2: ஸ்குவாட்டைத் தனியாக விடுங்கள்

கனமான ஸ்குவாட்டையோ டெட்லிஃப்ட்டையோ எதனுடனும் சேர்க்காதீர்கள். பெரிய தசைகள் ஒன்றாக உழைப்பதால் மூச்சு வாங்கும், இதயம் அடித்துக்கொள்ளும். அந்த மூச்சிரைப்போடு அடுத்ததற்குப் போனால் இரண்டும் கெடும். நாளுக்கு ஒரு கனமான கால் பயிற்சி, முதலிலேயே, முழு ஓய்வோடு. 40 நிமிடத்தில் அதற்குப் பதினொரு நிமிடம் கொடுப்பதில் எனக்குக் கஞ்சத்தனம் இல்லை. மிச்சம் பிடிக்கும் இடம் வேறு.

படி 3: தம்பியின் 40 நிமிடம்

முதல் 6 நிமிடம் உடலைச் சூடாக்க. எடையில்லாமல் பஸ்கி, தோள் சுழற்றல், மெதுவான தண்டால் கொஞ்சம். நம் ஊரில் உடம்பு சூடாக நேரமே எடுக்காது. மூட்டுகள் இளகத்தான் இந்த நேரம்.

அடுத்து ஸ்குவாட். வெறும் பார் 20 கிலோவில் 8 ரெப், 35 கிலோவில் 5, 45-இல் 3. பிறகு அன்றைய எடையான 50 கிலோவில் 5 ரெப் வீதம் 3 செட், இடையே இரண்டரை நிமிட ஓய்வு. எடை எவ்வளவு என்பதற்கு ஒரே அளவுகோல்தான்: செட் முடியும்போது இன்னும் இரண்டு ரெப் ஒழுங்காகச் செய்யும் தெம்பு மிச்சமிருக்க வேண்டும்.

மூன்றாவது, முதல் சூப்பர்செட். பெஞ்ச் பிரஸ் 40 கிலோவில் 8 ரெப். பாரை ரேக்கில் வைத்து எழுந்து, 30 வினாடியில் டம்பெல்லை எடுத்து, அதே பெஞ்சில் ஒரு கையை ஊன்றி, 15 கிலோவில் ஒரு பக்கத்துக்கு 8 வீதம் ரோயிங். இரு பக்கமும் சேர்த்து 70 வினாடி ஆகும். பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. இது ஒரு சுற்று. இப்படி மூன்று.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு பெஞ்ச் செட்டுக்கும் அடுத்த பெஞ்ச் செட்டுக்கும் இடையே 30, 70, 60, ஆக 160 வினாடி. மார்புக்கு இரண்டே முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைந்த ஓய்வு. உட்கார்ந்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பான். மூன்று சுற்றும் 9 நிமிடத்தில் முடிகின்றன. இதே ஓய்வோடு பெஞ்சை முழுதாக முடித்துவிட்டு ரோயிங்குக்குப் போயிருந்தால் பதினைந்தரை நிமிடம் ஆகியிருக்கும்.

நான்காவது, உட்கார்ந்து டம்பெல் ஷோல்டர் பிரஸ்ஸும் லேட் புல்டவுனும், 10 ரெப் வீதம் இரண்டு சுற்று. இடம் மாறும் நேரத்தோடு 6 நிமிடம்.

மிச்சமுள்ள 8 நிமிடத்தில் 7 சர்க்யூட்டுக்கு.

படி 4: சர்க்யூட் கடைசியில், லேசாக

பல பயிற்சிகளை நிலையம் நிலையமாக வரிசையில் வைத்து, நடுவில் ஓய்வு அதிகம் இல்லாமல் சுற்றி வருவதுதான் சர்க்யூட். 1953-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கனும் ஆடம்சனும் இதை ஒழுங்குபடுத்தியபோதே, பொதுவான உடல் தகுதிக்காக, பெரிய எடை இல்லாமல்தான் அமைத்தார்கள். கனமான ஸ்குவாட்டை இதற்குள் நுழைத்தால் தசை களைக்கும் முன் மூச்சு களைத்துவிடும். கால் இன்னும் தூக்கும், நெஞ்சு வேண்டாம் என்னும். அப்போது வளர்வது தாக்குப்பிடிக்கும் திறன். அதுவும் நல்லதுதான், ஆனால் பலம் அல்ல.

தம்பிக்கு நான்கு நிலையம் வைத்தேன். பெட்டி மேல் ஏறி இறங்குவது, தண்டால், இரு கையிலும் டம்பெல் தொங்கவிட்டு நடப்பது, பிளாங்க். ஒவ்வொன்றும் 30 வினாடி, மாறுவதற்கு 15 வினாடி. சுற்றுக்கு 3 நிமிடம். நடுவில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு இன்னொரு சுற்று. பேச முடிய வேண்டும், ஆனால் திக்கித் திக்கி வர வேண்டும். ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால் வேகம் அதிகம்.

படி 5: நோட்டில் எழுதுங்கள்

சரியாகப் போகிறதா என்பதை வேர்வை சொல்லாது, நோட்டு சொல்லும். மூன்று சுற்றின் பெஞ்ச் ரெப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். 8, 8, 7 என்று வந்தால் நன்று. 8, 6, 4 என்று சரிந்தால் எடையைத் தொட வேண்டாம். சுற்றின் முடிவில் ஓய்வை 30 வினாடி கூட்டுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் எடையை இரண்டரை கிலோ இறக்குவது. மூன்றிலும் 8 வந்துவிட்டால் அடுத்த முறை இரண்டரை கிலோ ஏற்றுங்கள், அதாவது பக்கத்துக்கு ஒன்றேகால்.

முதல் இரண்டு வாரம் மூச்சு பழகாததால் ஒன்றிரண்டு ரெப் குறையலாம். அதற்குள் முறையை மாற்றிவிடாதீர்கள்.

நம் கரைக்கு மட்டும் சில விஷயங்கள்

இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் எதிரி. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால் அதே வேலைக்கு இதயம் கூடுதலாக அடிக்கும், முதலில் அடிபடுவது சர்க்யூட்தான். சித்திரை, வைகாசியில் அதை ஒரு சுற்றாகக் குறையுங்கள், ஸ்குவாட்டையும் சூப்பர்செட்டையும் தொடாதீர்கள். தலை சுற்றல், குமட்டல், வெயிலிலும் புல்லரிப்பு வந்தால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிட்டு ஃபேனடியில் உட்காருங்கள். உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ போதும், டப்பா பவுடர் எதுவும் தேவையில்லை. இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

வேகமாக மாறி மாறிச் செய்யும்போது கை நனைந்தே இருக்கும். பெஞ்ச் பிரஸ்ஸில் கட்டைவிரலைப் பாருக்கு வெளியே விடும் பழக்கம் சிலருக்கு உண்டு, இங்கே அது கூடவே கூடாது. ஒரு துண்டு பெஞ்சிலேயே கிடக்கட்டும். பிறகு துரு. உப்புக்காற்று கேபிளையும் கொக்கியையும் அரிக்கும். லேட் புல்டவுனில் உட்காரும் முன் கேபிளில் கம்பி இழை பிரிந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பிரிந்திருந்தால் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வேறு இழுக்கும் பயிற்சிக்குப் போங்கள்.

கீழக்கரை, தேவிபட்டினம் பக்கத்து நண்பர்கள் நோன்பு மாதத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள். நோன்பு திறந்து, தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள். சர்க்யூட்டை முழுதாக விட்டுவிடலாம். செட்டை மூன்றிலிருந்து இரண்டாக்கலாம். எடையை மட்டும் இறக்காதீர்கள். எடை அப்படியே இருந்தால், குறைந்த செட்டிலும் ஒரு மாதத்துக்குப் பலம் நிற்கும்.

மாலையில் கூட்டமான ஜிம் என்றால் ஒரே ஆள் இரண்டு மெஷினைப் பிடித்துவைப்பது வம்பில் முடியும். அதனால்தான் ரோயிங்கையும் பெஞ்ச் பக்கத்திலேயே வைத்தேன். லேட் புல்டவுன் கிடைக்கவில்லை என்றால் புல்அப் கம்பியில் தொங்குங்கள். அதுவும் நிறைந்திருந்தால் ஷோல்டர் பிரஸ்ஸுடன் இன்னொரு தடவை டம்பெல் ரோயிங். கம்பெனிக்குச் சீக்கிரம் போக வேண்டி, அரை மணி நேரம்தான் இருக்கிறது என்ற நாளில் ஸ்குவாட்டும் முதல் சூப்பர்செட்டும் முடித்துவிட்டு தம்பி கிளம்பிவிடுகிறான்.