கடற்கரைப் பக்க அறையில் வீடியோ நேர்முகம்

கொழும்புக்கு வந்த புதிதில், வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மெரைன் டிரைவுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் அறை எடுத்திருந்தேன். இன்டர்ன்ஷிப் நேர்முகம் பிற்பகல் 4 மணிக்கு. முதல் நாள் காலை 10 மணிக்குச் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. மறுநாள் 4 மணிக்கு மேற்கு வெயில் என் முதுகுப் பக்க யன்னலால் உள்ளே வந்து விழுந்தது. "தம்பி, முகம் தெரியவில்லையே" என்றார் எதிரில் இருந்தவர். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ரயில் போனது.

ஆகவே முதல் நாள், நேர்முகம் நடக்கும் அதே நேரத்தில் சோதியுங்கள்.

பின்னால் வெளிச்சம் கூடினால் கேமரா அதற்கேற்பப் படத்தை இருட்டாக்கிவிடும். மேசையைத் திருப்பி, யன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே வரும்படி வையுங்கள். வெயில் கண்ணைக் கூசவைத்தால் ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டைக் கட்டிவிட்டால் போதும்.

ரயில் சத்தத்துக்காக யன்னலைச் சாத்தினால் வேர்த்துக் கொட்டும். அப்புறம் ஃபேன். சீலிங் ஃபேனை மெதுவாகச் சுழலவிடலாம், மேசை ஃபேன் காற்று மைக்கில் பட்டால் புயல் அடிப்பதுபோல் கேட்கும். மைக் உள்ள இயர்போனைப் போட்டு, இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள். ரயில் வந்தால் "ஒரு நிமிடம்" என்று சொல்லி மியூட் செய்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இணைப்பில் பலரும் டவுன்லோட் வேகத்தை மட்டும் பார்ப்பார்கள். உங்கள் முகமும் குரலும் போவது அப்லோடில். என் 4ஜி ரவுட்டர் அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தபோது டவுன்லோட் 20 எம்பிபிஎஸ், அப்லோட் 1-க்கும் கீழே. யன்னலோரம் மாற்றி வைத்ததும் அப்லோட் 4-க்கு ஏறியது. வீடியோ அழைப்புக்கு அது தாராளம். வேகம் இருந்தும் குரல் வெட்டி வெட்டிப் போனால் விண்டோஸில் Command Prompt-ஐத் திறந்து இதைப் போட்டுப் பாருங்கள்:

```
ping -n 100 8.8.8.8
```

ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடும். இடையிடையே `Request timed out` வந்தாலோ, `time` 30-இலிருந்து திடீரென்று 400-க்குத் தாவினாலோ இணைப்பு தடுமாறுகிறது என்று அர்த்தம். அதே வைஃபையில் வேறு யாரும் படம் பார்க்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். வீட்டுக்கார அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அந்த அரை மணி நேரம் டிவியையும் நிறுத்தித் தருவார். கேமராவையும் மைக்கையும் பார்க்க `zoom.us/test` இருக்கிறது.

கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் நின்றுவிடும். போனில் வேறு நெட்வொர்க் சிம்மைப் போட்டு டேட்டா ஏற்றி, ஹாட்ஸ்பாட்டை லேப்டாப்பில் ஒருமுறை இணைத்து வையுங்கள். பாஸ்வேர்ட் பதிந்திருந்தால் சில நொடிகளில் திரும்பவும் உள்ளே வந்துவிடலாம்.